மோரின் புளிப்புக்கு இரண்டு எண்கள்

மோர் புளித்துவிட்டதா என்று கேட்டால் நாக்கு ஒரே பதில்தான் சொல்லும். பால் பண்ணை ஆய்வகத்தில் அதே கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, பியூரெட்டிலிருந்து இறங்கும் காரத்தின் அளவு. மற்றது, பிஎச் மீட்டரில் தெரியும் எண். ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் பண்ணையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். பால் எப்போது திரியும் என்பதைத் தீர்மானிப்பது பிஎச். மோரில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைச் சொல்வது டைட்ரேஷன். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனாலும் ஒருவர் இடத்தில் மற்றவரை உட்காரவைத்தால் வாட்டில் இருக்கும் பால் அத்தனையும் கெட்டுப்போகலாம்.

பால் ஏன் திரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றன. பாலின் வெண்மையில் பெரும்பங்கு இந்த உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. உருண்டைக்குள் புரதங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம் பாஸ்பேட். வெளிப்புறத்தில் கப்பா கேசீன் என்ற ஒரு வகை, தன் வால் பகுதியை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடம்பப் பூவைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும்: நடுவில் உருண்டை, சுற்றிலும் மயிரிழைகள். அந்த இழைகளில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. இரண்டு உருண்டைகள் நெருங்கினால் இழைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கறந்த பாலின் பிஎச் 6.6, 6.7 என்று இருக்கும்வரை இந்தத் தள்ளல் தொடரும். பால் பாலாகவே நிற்கும்.

உறை ஊற்றியதும் நிலைமை மாறத் தொடங்குகிறது. எங்கள் ஆலைத் தயிர் உறையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் சேர்ந்து வேலை செய்யும். பாலில் நூற்றுக்கு நாலரை முதல் ஐந்து பங்கு லாக்டோஸ் இருக்கிறது. அதைத் தின்று இவை லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அமிலத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. அவை கேசீன் இழைகளின் எதிர்மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாகச் சமன் செய்கின்றன. தள்ளும் விசை குறைகிறது. அதே நேரத்தில் உருண்டைக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. பிஎச் இறங்க இறங்க, அங்கிருக்கும் கால்சியம் பாஸ்பேட் கரைந்து தண்ணீர்ப் பகுதிக்கு வந்துவிடுகிறது. பிஎச் 5.2-ஐ எட்டுவதற்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். உள்ளே பிடிப்பு தளர்ந்து, வெளியே தள்ளல் ஒடுங்கிய உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிஎச் 4.6-ல் கேசீனின் நேர், எதிர் மின்னேற்றங்கள் சரிசமமாகிவிடுகின்றன. கேசீன் கரையவே முடியாத புள்ளி அதுதான். அந்தக் கட்டத்தில் உருண்டைகள் கோத்து வலையாகி, தண்ணீரைத் தமக்குள் சிறைபிடிக்கின்றன. அதைத்தான் நாம் தயிர் என்று கரண்டியில் வெட்டுகிறோம்.

பிஎச் கணக்கில் ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். 6.6-லிருந்து 4.6-க்கு வந்தால் நூறு மடங்கு. ஆனால் கேசீனுக்கு வேண்டியது அமிலத்தின் மொத்த எடை அல்ல. தன்னைச் சுற்றியிருக்கும் இந்த அயனிகளின் செறிவு. அதனால்தான் தயிர் எப்போது உறையும் என்பதை பிஎச் எண்ணால் சொல்ல முடிகிறது.

சூடும் இதில் சேர்ந்துகொள்ளும். தயிருக்கென்று பாலை நன்றாகக் காய்ச்சும்போது, தண்ணீர்ப் பகுதியில் இருக்கும் வே புரதங்கள் விரிந்து கேசீன் உருண்டைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட பால் பிஎச் 5.3 அளவிலேயே கெட்டியாகத் தொடங்கும். தயிரும் தண்ணீர் விடாமல் இறுக்கமாக நிற்கும். காய்ச்சாத பால் 5-க்குக் கீழே வந்த பிறகுதான் உறையும், அதுவும் தளதளவென்றுதான். காலையில் நன்றாக இருந்ததுபோல் தெரிந்த பால் அடுப்பில் வைத்ததும் திரிந்துபோவதும் சூட்டின் வேலைதான். சாதாரண வெப்பத்தில் உறைவதற்குப் போதாத அளவு அமிலம், கொதிநிலையில் திரிப்பதற்குப் போதும். பிஎச் 5.8 பக்கம் வந்த பால் அடுப்பைத் தாங்காது. பால் இறக்கும் இடத்தில் ஒரு சோதனைக் குழாயில் சிறிது பாலை எடுத்துக் கொதிநீரில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இனி டைட்ரேஷன். முதலில் மோர்ப் பாத்திரத்தை நன்றாகக் கலக்கிக்கொள்ள வேண்டும். மோரில் கேசீன் துகள்கள் அடியில் படியும், தெளிந்த நீர் மேலே நிற்கும். மேலாக மொண்டால் குறைவான எண் வரும். கலக்கிய மோரில் 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விடுவோம். பிப்பெட்டின் சுவரில் மோர் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 20 மில்லியை அதே பிப்பெட் வழியாக விட்டு அலசிக் குடுவையிலேயே சேர்ப்போம். கொதிக்கவைப்பது, தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை விரட்டுவதற்கு. அதுவும் அமிலமாகக் கணக்கில் வந்துவிடும். பிறகு 0.5 சதவீத பினாப்தலின் கரைசல் 1 மில்லி. பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. குடுவையைச் சுழற்றிக்கொண்டே காரத்தை இறக்க வேண்டும். விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறையும். மறைவதற்கு நேரமெடுக்கத் தொடங்கியதும் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். மிக மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்திவிடலாம். அப்போது கரைசலின் பிஎச் ஏறத்தாழ 8.3.

கணக்கு எளிது. லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90. 10 மில்லி மோருக்கு,

அமில சதவீதம் = 0.9 × காரத்தின் மில்லி × காரத்தின் நார்மாலிட்டி

காரம் சரியாக 0.1 நார்மல் என்றால், செலவான மில்லியை 0.09-ஆல் பெருக்கினால் போதும். 9.2 மில்லி செலவானால் 0.83 சதவீதம்.

இந்த எண்ணை லாக்டிக் அமிலம் என்று எழுதுவது துறை வழக்கம். உண்மையில் காரம் பிடித்துத் தின்றதெல்லாம் லாக்டிக் அமிலம் அல்ல. கறந்த சூட்டோடு ஒரு பாலை எடுத்து இதே சோதனையைச் செய்தால் 0.14 சதவீதம் அளவில் வரும். அந்தப் பாலில் லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட இருக்காது. காரத்தை வாங்கிக்கொண்டது கேசீனும், பாஸ்பேட்டும், சிட்ரேட்டும், கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடும். இதை இயற்கை அமிலத்தன்மை என்போம். புரதமும் உப்பும் கூடுதலாக உள்ள எருமைப் பாலில் இந்த எண் இன்னும் சற்று ஏறியே இருக்கும். எருமைப் பால் கொண்டுவந்தவரிடம், எண் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பால் புளித்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது நியாயமாகாது. தயிரில் 0.83 என்று வந்தால், அதில் ஏறத்தாழ 0.14 பால் பிறக்கும்போதே கொண்டுவந்தது; பாக்டீரியா சம்பாதித்தது மீதிதான்.

இரண்டு எண்களும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு கோடைக்கால மாலையில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். ஆலையில் இரண்டு வாட்டுகளில் மோருக்காகத் தயிர் உறைந்துகொண்டிருந்தது. தயிர் பதத்துக்கு வந்ததும் அதைக் கலக்கி உடைத்து, சம அளவு குளிர்நீர் சேர்த்து, உப்பும் இஞ்சி, பச்சைமிளகாய்ச் சாறும் விட்டுப் பாக்கெட் போட வேண்டும். இயந்திரம் பார்க்கும் தம்பி இரண்டு வாட்டிலிருந்தும் மாதிரி கொண்டுவந்தார். உதவியாளர் டைட்ரேஷன் செய்தார். இரண்டுக்கும் 4.6 மில்லி. இரண்டும் 0.41 சதவீதம்.

"மேடம், ரெண்டுமே இன்னும் புளிக்கலீங்க. இன்னொரு மூணு மணி நேரம் விட்டுடலாமுங்களா?" என்று தம்பி கேட்டார்.

"தண்ணி சேர்த்தாச்சுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டேன்.

முதல் வாட்டில் முந்தைய ஷிஃப்டுக்காரர்கள் தயிரை உடைத்துத் தண்ணீர் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிவேட்டில் அது இருந்தது. இரண்டாவதில் சேர்க்கவில்லை. பிஎச் மீட்டரை வைத்தோம். முதலாவது 4.5. இரண்டாவது 5.4. நாக்கில் வைத்தாலும் தெரிந்தது: ஒன்று முழுப் புளிப்பு, மற்றது இனிப்பு மாறாத, லேசாகக் கெட்டிப்பட்ட பால்.

முதல் வாட்டில் நடந்ததைப் பார்ப்போம். தண்ணீர் சேர்ப்பதற்கு முன் அந்தத் தயிருக்கு 9.2 மில்லி, 0.83 சதவீதம், பிஎச் 4.4 என்று குறித்திருந்தார்கள். சம அளவு தண்ணீர் விட்டதும் 10 மில்லி மாதிரியில் தயிர் 5 மில்லிதான். ஆகவே காரச் செலவும் பாதியானது. ஆனால் பிஎச் 4.4-லிருந்து 4.5-க்குத்தான் நகர்ந்தது. அமிலம் பாதியாகும்போது பிஎச் ஏன் கூடவே ஓடவில்லை?

பதில் லாக்டிக் அமிலத்தின் குணத்தில் இருக்கிறது. அது வீரியம் குறைந்த அமிலம். பிஎச் 4.4-ல் ஒரு லிட்டர் தயிரில் தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள் 0.04 மில்லிமோல்தான். ஆனால் அதே லிட்டர் தயிர் பினாப்தலின் சிவக்கும்வரை வாங்கும் காரம் 92 மில்லிமோல். இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். மீதி ஹைட்ரஜன் எல்லாம் லாக்டிக் அமில மூலக்கூறிலும் கேசீனிலும் பாஸ்பேட்டிலும் கட்டுண்டு கிடக்கிறது. காரம் தனியாகத் திரியும் அயனியை எடுத்துவிட்டால், கட்டுண்டதில் ஒன்று விடுபட்டு அந்த இடத்துக்கு வரும். காரம் இறங்க இறங்க இருப்பு முழுவதும் வெளியே வந்து தீரும். டைட்ரேஷன் எண்ணுவது இந்த இருப்பு முழுவதையும். பிஎச் மீட்டர் பார்ப்பது அந்த நேரத்தில் வெளியே திரிவதை மட்டும். தண்ணீர் விடும்போது பிரிந்த பங்கும் பிரியாத பங்கும் ஒரே அளவில் குறைகின்றன. அந்த இரண்டின் விகிதம்தான் பிஎச்சை நிறுத்திவைப்பது. விகிதம் மாறாததால் பிஎச்சும் பெரிதாக அசையாமல் நிற்கிறது.

இரண்டாவது வாட்டின் கதை வேறு. அதில் தண்ணீரே இல்லை. 0.41-ல் 0.14-ஐக் கழித்தால், பாக்டீரியா உண்டாக்கியது 0.27 சதவீதம்தான். உறைவதற்கு வேண்டியதில் அது பாதி. காரணத்தைத் தேடியபோது வெப்பப் பதிவு காட்டிக்கொடுத்தது. பம்பு நின்றுபோன நேரத்தில் பால் 30 டிகிரி வரைக்கும் ஆறியிருந்தது. அந்தச் சூட்டில் உறை சேர்த்திருந்தார்கள். நாங்கள் பயன்படுத்தும் பாக்டீரியா ஜோடிக்கு 42 டிகிரி பக்கம் இருந்தால்தான் வேகம். 30-ல் அவை சாகவில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

ஒரே 0.41-க்கு இரண்டு வெவ்வேறு வைத்தியம். முதல் வாட்டை உடனே குளிர்வித்துப் பாக்கெட்டுக்கு அனுப்பினோம். தம்பி சொன்னபடி இன்னும் மூன்று மணி நேரம் விட்டிருந்தால், பாக்டீரியா மேலும் அமிலம் சேர்த்து, மறுநாள் கடையில் வாயில் வைக்க முடியாத மோராகியிருக்கும். இரண்டாவது வாட்டின் வெளிச்சுவருக்குள் வெந்நீர் ஓடவிட்டு, பாலைக் கிளறாமல் மெதுவாக 42-க்குக் கொண்டுவந்தோம். 5.4-க்கும் 4.6-க்கும் நடுவில் வலை பின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் கலக்கினால், கேசீன் சிறுசிறு மணிகளாகத் திரண்டுவிடும். அந்த மோர் நாக்கில் மணல்போல உறுத்தும். பிஎச் 4.6-ஐத் தொட்ட பிறகே உடைக்கச் சொன்னேன். அப்போது தண்ணீர் சேர்க்காத மாதிரியில் காரச் செலவு 7.4 மில்லி, அதாவது 0.67 சதவீதம்.

டைட்ரேஷன் எண் தவறாக வருவதற்குப் பெரும்பாலும் காரக் கரைசல்தான் காரணம். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகும். மூடி சரியில்லாத பாட்டிலில் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். பாட்டிலின் மேல் 0.1 என்று ஒட்டிய தாள் மட்டும் அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆக்சாலிக் அமிலம் போதும். அதன் படிகத்தில் 6.3 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 0.1 நார்மல். அதில் 10 மில்லிக்குக் காரம் 10 மில்லி செலவாக வேண்டும். 10.6 செலவானால் காரத்தின் உண்மை வீரியம் 0.0943. அந்தக் காரத்தில் தயிருக்கு 9.8 மில்லி வந்தால், தாளை நம்புகிறவர் 0.88 என்று எழுதுவார். சரியான எண் 0.83. எண்கள் சில நாட்களாக ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகின்றன, பிஎச் மட்டும் மாறவில்லை என்றால், உறையைச் சந்தேகிப்பதற்கு முன் காரத்தைச் சோதிப்பது நல்லது.

அடுத்தது, நிறத்தை நிறுத்தும் புள்ளி. பாலின் வெண்மைக்குள் இளஞ்சிவப்பைக் காண்பது கண்ணுக்கு எளிதல்ல. பக்கத்தில் இன்னொரு குடுவையில் அதே மோரை, அதே தண்ணீர் விட்டு, பினாப்தலின் சேர்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால், மாற்றம் தொடங்கும் இடம் தெரியும். மசாலா மோரில் கொத்தமல்லி, மிளகாயின் பசுமை கலந்திருப்பதால் இந்த ஒப்புக் குடுவை இல்லாமல் பார்க்கவே கூடாது. நிறம் வந்த பிறகு குடுவையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் மீண்டும் வெளுத்திருக்கும். அதற்காக இன்னும் காரம் விடுவது தவறு. காரம் ஏறியதும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து மெல்லப் படிகின்றன. படியும்போது ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கின்றன. அதனால் நிறம் மங்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் அதற்குத் துணை. எல்லோரும் ஒரே வேகத்தில் செய்து, அரை நிமிடத்தில் எண்ணைக் குறித்துவிட வேண்டும். அலசும் தண்ணீரின் அளவையும் ஆளுக்கு ஆள் மாற்றக் கூடாது. தண்ணீர் கூடினால் இந்தப் படிவு குறைந்து, காரச் செலவும் சற்று இறங்கும்.

எலுமிச்சைச் சாறு பிழிந்த மோரில் சிட்ரிக் அமிலமும் காரத்தை வாங்கும். கணக்கில் அதுவும் லாக்டிக் அமிலமாகவே எழுதப்படும். புளித்த பாலில் சோடா உப்பைக் கலந்து கொண்டுவந்தால் எண் நல்ல பிள்ளையாக இறங்கி நிற்கும்; பாக்டீரியா உண்டாக்கிய லாக்டேட் மட்டும் பாலிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் சம அளவு ஆல்கஹாலும் சில சொட்டு ரோசாலிக் அமிலமும் சேர்த்துப் பார்ப்போம். பழுப்பு வந்தால் சரி. ரோஜாச் சிவப்பு வந்தால் அந்தப் பாலில் காரம் கலந்திருக்கிறது.

அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் மோருக்கான வரியைப் புதிதாக வகுத்தேன். உடைப்பதற்கு முன் பிஎச், அப்போதைய வெப்பம், தண்ணீர் சேர்க்காத தயிரின் காரச் செலவு, சேர்த்த தண்ணீரின் விகிதம், சேர்த்த பிறகு காரச் செலவு, அன்றைய காரத்தின் நார்மாலிட்டி. தயிரை எப்போது உடைக்கலாம் என்பதற்கு முதல் இரண்டைப் பார்த்தால் போதும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒரே சுவை வருகிறதா என்பதற்கு மற்றவை. தண்ணீர் சேர்த்ததால் தயிர் எத்தனை மடங்கானதோ அந்த எண்ணால் பெருக்கிப் பார்க்கும்போது பின்னால் எடுத்த காரச் செலவு முன்னால் எடுத்ததோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில் தண்ணீர் அளவோ, மாதிரி எடுத்த விதமோ, காரமோ, மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது என்று அந்த வரியே சொல்லிவிடும். பாக்கெட் ஆலையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.